கடன் இழுபறியும் தங்கத்தின் விலையும்: ஒரு தவறான வாய்பாடு

வாஷிங்டனில் கட்சிகள் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் நமது வணிகப் பக்கங்களில் ஒரே தலைப்பு தவறாமல் வருகிறது: "அமெரிக்கக் கடன் நெருக்கடி, தங்கம் எகிறும்." நகை வியாபாரி இதைச் சொன்னால் அது அவர் தொழில். பத்திரிகையாளரும் அதையே வழிமொழிவதுதான் கேடு. இந்த வாய்பாடு பெரும்பாலும் பொய்.

முதலில், இரு வேறு சங்கதிகளை ஒன்றாகக் குழப்புகிறார்கள். வரவு செலவுத் திட்டம் நிறைவேறாவிட்டால் அரச அலுவலகங்கள் மூடப்படும். கடனுக்கான வட்டி தொடர்ந்து கட்டப்படும். கடன் உச்சவரம்பை உயர்த்தாவிட்டால் மட்டுமே, வரவுக்கு மேற்பட்ட செலவுக்கும் வட்டிக்கும் புதுக்கடன் வாங்க முடியாமல் திறைசேரி கைவிரிக்க வேண்டிவரும். முதலாவது அவமானம், இரண்டாவதே ஆபத்து.

வாய்பாட்டுக்காரர்கள் ஆதாரமாகக் காட்டுவது 2011ஐ. அதையே எடுத்துக்கொள்வோம். உச்சவரம்பை உயர்த்தும் சட்டத்தில் ஒபாமா கையொப்பமிட்டது ஓகஸ்ட் 2இல். இழுபறி அன்றே முடிந்தது. ஆனால் தங்கம் நிற்கவில்லை. அவுன்ஸ் ஏறத்தாழ 1,660 டொலரில் இருந்தது, மூன்று வாரங்களில் 1,900ஐத் தொட்டது. இடையில் ஓகஸ்ட் 5இல் ஸ்டாண்டர்ட் அன்ட் புவர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தை ஒரு படி இறக்கியது. அதனால்தான் ஏறியது என்பார்கள்.

அப்படியானால் ஒரு கேள்வி. அமெரிக்கா கடனைக் கட்டாது என்று உலகம் அஞ்சியிருந்தால், முதலில் விற்றுத் தள்ளியிருக்க வேண்டியது அமெரிக்கத் திறைசேரி முறிகளை அல்லவா? நடந்தது நேர்மாறு. அடுத்த திங்கட்கிழமை பங்குச் சந்தை சரிந்தபோது, தரம் இறக்கப்பட்ட அதே முறிகளையே முதலீட்டாளர்கள் முண்டியடித்து வாங்கினர். முறியின் விலை ஏறினால் அதன் விளைவு வீதம் இறங்கும். பத்தாண்டு முறியின் வீதம் யூலை இறுதியில் ஏறத்தாழ 3 சதவீதமாக இருந்து, ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் 2 சதவீதத்தை நெருங்கியது. தங்கத்தை ஏற்றியதும் இதுவே. தங்கம் வட்டி தராது. முறியும் பணவீக்கத்தைக் கழித்தால் ஒன்றும் தராது என்ற நிலை வந்தால், வட்டி தராத குறை மறைந்துவிடுகிறது. ஓகஸ்ட் 9இல் பெடரல் ரிசேர்வ், 2013 நடுப்பகுதி வரையாவது வட்டியை அடிமட்டத்தில் வைத்திருக்கும் நிலை தெரிகிறது என்று அறிவித்தது. இத்தாலியும் ஸ்பெயினும் தள்ளாடிக்கொண்டிருந்தன. காங்கிரஸின் கூச்சலை விட இவையே கனமான காரணங்கள்.

மற்றப் புகலிடங்களுக்கு என்ன நேர்ந்தது? ஓகஸ்ட் 4இல் ஜப்பான் தன் யென்னை விற்று அதன் ஏற்றத்தைத் தடுக்க முனைந்தது. செப்டெம்பர் 6இல் சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று எல்லை போட்டது. நாணயப் புகலிடத்துக்கு ஒரு வீட்டுக்காரன் உண்டு. கூட்டம் கூடினால் கதவைச் சாத்துவான். தங்கத்துக்கு அப்படி ஒருவன் இல்லை. அது அதன் உண்மையான சிறப்பு. எனினும் எதிர்கால ஒப்பந்தச் சந்தை அந்த ஓகஸ்டில் இருமுறை பிணைத் தொகையை உயர்த்தியபோது, கடன்பட்டு வாங்கியவர்கள் விற்க நேர்ந்ததையும் மறக்கலாகாது.

இனி 2013. ஒக்ரோபர் 1இல் அலுவலகங்கள் மூடப்பட்டன. கடன் உச்சவரம்பும் அதே மாதம் 17இல் காத்திருந்தது. வாய்பாட்டின்படி தங்கம் பறந்திருக்க வேண்டும். முதல் நாளே அது ஏறத்தாழ 3 சதவீதம் விழுந்து 1,300 டொலருக்குக் கீழ் போனது. அச்சம் வெளிப்பட்ட இடம் வேறு: அந்தக் கெடுவையொட்டி முதிரவிருந்த குறுகிய காலத் திறைசேரி உண்டியல்களை விற்றார்கள், அவற்றின் வீதம் துள்ளியது. 17இல், உடன்பாடு ஏற்பட்ட பின், தங்கம் ஏறத்தாழ 3 சதவீதம் ஏறியது! மூடலால் பொருளாதாரம் தளர்ந்தது, ஆகவே பெடரல் ரிசேர்வ் பணம் இறைப்பதைக் குறைக்கத் தாமதிக்கும் என்று சந்தை கணித்தது. மறுபடியும் வட்டிக் கதைதான்.

கடனுக்கும் தங்கத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. ஆனால் அது மெல்ல ஊறும் அவநம்பிக்கை. கெடுத் தேதிகளுக்கு ஆடுவதன்று. 2022இல் ரஷ்யாவின் வெளிநாட்டு ஒதுக்குகள் முடக்கப்பட்டன. அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் உலக மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 தொன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. 2025 மே மாதத்தில் மூடிஸ் நிறுவனமும் தரத்தை இறக்கியபோது, முப்பதாண்டு முறியின் வீதம் 5 சதவீதத்தைத் தாண்டியது. 2011இல் போல இறங்கவில்லை. அதுவே கவனிக்கத்தக்க மாற்றம். அவ்வாண்டு ஒக்ரோபரில் அலுவலகங்கள் மூடியிருக்கையிலேயே தங்கம் 4,000 டொலரைத் தாண்டியது. மூடல் நீடிக்கையிலேயே 21ஆம் திகதி 5 சதவீதத்துக்கு மேல் சறுக்கியது. ஒரே காரணம் இரு திசையிலும் இழுக்குமா?

ஆகவே, அடுத்த முறை இத்தலைப்பைக் கண்டால் முறிகளின் வீதத்தைப் பாருங்கள். தங்கம் ஏற வீதம் இறங்கினால், அது பொதுவான பயம், மலிந்த வட்டி. தங்கமும் நீண்ட கால வீதமும் கூடவே ஏறி, டொலரும் சரிந்தால் மட்டுமே கடன் மீதான ஐயத்தைப் பற்றிப் பேசலாம். உண்டியல் மட்டும் துள்ளினால், அது தேதி பற்றிய நடுக்கம். அதற்காகப் பவுண் வாங்க ஓடவேண்டியதில்லை. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாமல் "எகிறும்" என்று எழுதுபவர் செய்தி எழுதவில்லை. கடைக்கு ஆள் பிடிக்கிறார்.