வெள்ளை அரிசி, புழுங்கல் அரிசி, இனிப்பு நீர்: ‘ஆய்வு சொல்லுது’ன்னா என்ன அர்த்தம்?



கொஞ்ச நாளா நம்ம கோயில் வாட்சாப் குழுக்கள்ல ஒரு செய்தி சுத்திக்கிட்டு இருக்கு. “வெள்ளை அரிசி சாப்பிட்டால் 61 விழுக்காடு பேருக்கு இனிப்பு நீர் வரும், ஆய்வு நிரூபித்துவிட்டது. நம் முன்னோர் புழுங்கல் அரிசி சாப்பிட்டதால் நோயில்லாமல் வாழ்ந்தார்கள். அன்னதானத்தில் அரிசியை மாற்றுங்கள்.” புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் எந்தக் கோயில் அடுப்படிக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுது. அரிசியை மாத்துறதா வேண்டாமாங்கிறது சின்ன விஷயம். “அரிசியை மாத்திட்டேன், இனி மாத்திரை வேண்டாம்”னு ஒருத்தர் முடிவெடுத்துட்டா, அது சின்ன விஷயமில்லை. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

இதே அரிசியை வெச்சு, இதே மலாயாவில், நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய கேள்வி வந்தது. அதை எப்படித் தீர்த்தாங்கன்னு தெரிஞ்சா, இந்த வாட்சாப் செய்தியை எடை போடத் தெரிஞ்சிடும்.

1900-ஐ ஒட்டிய காலம். பெரிபெரி என்ற நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. கால் மரத்துப் போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுவிடும். இதில் ஒரு விசித்திரம். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனர்களுக்குத்தான் இது அதிகமாக வந்தது. தோட்டத்திலும் ரயில் பாதையிலும் வேலை செய்த நம்ம தமிழர்களுக்கு அபூர்வமாகத்தான் வந்தது.

இதைப் பார்த்தால் என்ன தோணும்? “தமிழன் உடம்பு வேற”ன்னு சிலர் சொல்லலாம். “சுரங்கத்து ஈரம்தான் காரணம்”னு சிலர் சொல்லலாம். “நெருக்கமான குடிசையில் நோய் தொத்துது”ன்னு இன்னும் சிலர். எல்லாமே பொருந்தும், ஏன்னா இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இனம் மட்டும் வித்தியாசம் இல்லை. வேலை வேற, தங்கும் இடம் வேற, சாப்பாடு வேற. எல்லாம் ஒண்ணா முடிச்சுப் போட்டு வருது. ‘இனமும் நோயும் சேர்ந்து வருது’ என்பது தொடர்பு. ‘இனத்தால் நோய் வருது’ என்பது காரணம். தொடர்பைக் கண்ணால் பார்க்கலாம். காரணத்தை அந்த முடிச்சை அவிழ்த்துத்தான் பார்க்க முடியும். கூடவே வந்து நம்மைக் குழப்புகிற அந்த மூணாவது விஷயத்துக்குப் பேர் குழப்பும் காரணி.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த டாக்டர் பிராடன் அரிசியைச் சுட்டிக் காட்டினார். தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. சீனர்கள் சாப்பிட்டது சியாமிலிருந்து வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர்கள் வீட்டில் அப்போதைக்கப்போது குத்திய அரிசி சாப்பிட்டார்கள், அவர்களுக்கும் நோய் குறைவு. நல்ல யூகம்தான். ஆனா யூகம் யூகம்தானே? சுரங்கமா, குடிசையா, இனமா, அரிசியா என்ற கேள்வி அப்படியே நின்றது.

முடிச்சை அவிழ்த்தவர் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர். கோலாலம்பூர் மனநோய் காப்பகத்தில் பெரிபெரி மோசமாகப் பரவியிருந்தது. 1905 டிசம்பரில் அவர் அங்கிருந்த நோயாளிகளை வரிசையில் நிற்க வைத்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு பக்கத்துக் கட்டடம், இரட்டைப்படை எண் வந்தவர்கள் மறுபக்கத்துக் கட்டடம். ஒரு கூட்டத்துக்குச் சியாம் பச்சரிசி, மறு கூட்டத்துக்கு இந்தியப் புழுங்கல் அரிசி.

இந்த எண்ணுகிற வேலைதான் முக்கியம். யாருக்கு எந்த அரிசி என்பதை இனமோ, வயசோ, பலமோ, விருப்பமோ முடிவு செய்யவில்லை. நின்ற இடம் முடிவு செய்தது. அதனால் இரண்டு பக்கமும் எல்லா வகை ஆட்களும் ஏறக்குறைய சமமாகக் கலந்துபோனார்கள். ஒரு வருஷம் கழித்துக் கணக்கு பார்த்தார்கள். பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு பெரிபெரி வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் இரண்டே பேருக்குத்தான் நோய் இருந்தது, அந்த இரண்டு பேரும் காப்பகத்துக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை.

“அந்தக் கட்டடத்தில் ஏதோ தோஷம் இருந்திருக்கலாமே”ன்னு யாராவது கேட்பாங்க இல்லையா? ஃபிளெட்சரே அதைக் கேட்டுக்கொண்டார். 1906 நடுவில் இரண்டு கூட்டத்தையும் கட்டடம் மாற்றிக் குடிவைத்தார், அரிசியை மாற்றவில்லை. நோய் கட்டடத்தோடு நிற்கவில்லை, அரிசியோடு போனது.

அடுத்து ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் நெகிரி செம்பிலான் காட்டில் ரோடு போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவா தொழிலாளர்களை வைத்துப் பார்த்தார்கள். இங்கே எல்லாரும் ஒரே இனம், ஒரே வேலை. அரிசி மட்டும் வேற. பச்சரிசி சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்தது. அரிசியை மாற்றினால் நோய் நின்றது. ‘தமிழன் உடம்பு’ என்ற பேச்சுக்கு அத்தோடு வேலை இல்லாமல் போனது. நம்மைக் காப்பாற்றியது நம்ம ரத்தம் இல்லை, சோற்றுப் பானை.

ஏன் என்பதும் பின்னால் தெரிந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுசா போகாது. பச்சை நெல்லைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். இந்த வைட்டமினைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1926-இல்தான். அதாவது ‘எது காரணம்’ என்பது தெரிந்து இருபது வருஷம் கழித்துத்தான் ‘எப்படி’ என்பது தெரிந்தது. பிராடனே அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகத்தான் நினைத்தார். அந்த விளக்கம் தப்பு, ஆனாலும் காப்பகத்துச் சோதனை சரி.

இன்னொன்றையும் சொல்லணும். அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்றைக்கு அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

இப்ப நம்ம வாட்சாப் செய்திக்கு வருவோம். அந்த 61 எங்கிருந்தோ வந்த பொய் எண் இல்லை. 2020-இல் வெளிவந்த ஒரு உண்மையான ஆய்வில் இருக்கிறது. மலேசியா உட்பட 21 நாடுகளில், இனிப்பு நீர் இல்லாத சுமார் 1,32,000 பேரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவைத்து, சராசரியாக ஒன்பதரை வருஷம் கவனித்தார்கள். சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று எழுதியது. ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல், அதாவது மூணு கப் அளவு, வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களை 150 கிராமுக்குக் கீழே சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். தெற்காசியாவில் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 61 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

கவனிங்க, ‘61 பேருக்கு நோய்’ இல்லை, ‘61 விழுக்காடு கூடுதல்’. ஒரு பேச்சுக்குச் சொல்றேன்: குறைவாகச் சாப்பிடும் 100 பேரில் 5 பேருக்கு வருதுன்னா, அதிகம் சாப்பிடும் 100 பேரில் 8 பேருக்கு வருது. வாட்சாப் செய்தியில் அந்த 8 பேர் 61 பேராகிவிட்டார்கள்.

அடுத்து, இந்த ஆய்வில் யாரும் ஆட்களை வரிசையில் நிறுத்தி அரிசி கொடுக்கவில்லை. யார் எவ்வளவு சோறு சாப்பிட்டார்கள் என்பதை அவரவர் வாழ்க்கை முடிவு செய்தது. கையில் காசு குறைவா இருக்கிறவங்க தட்டில் சோறு அதிகமாகவும் மீன், காய், பருப்பு குறைவாகவும் இருக்கும். செம்பனைத் தோட்ட வேலையை விட்டு உட்கார்ந்த பிறகும் பலருக்குச் சோற்றின் அளவு குறைவதில்லை. கூடவே சீனி போட்ட தேத்தண்ணி. நோயைக் கொண்டுவந்தது சோறா, சோற்றோடு வந்த மற்றதா? ஆய்வாளர்கள் வயது, உடல் எடை, புகைபிடித்தல், உடல் உழைப்பு போன்றவற்றைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்தார்கள். ஆனால் அளந்ததைத்தான் சரிசெய்ய முடியும். அளக்காத ஒன்று ஒளிந்திருந்தால் கணக்குக்கு அது தெரியாது.

அதே ஆய்வில் ஒரு துப்பும் இருக்கு. சீனாவில் அதிகம் சோறு சாப்பிட்டவர்களிடம் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. சோறு மட்டுமே காரணம் என்றால் அங்கேயும் தெரிந்திருக்கணும். சோற்றோடு சேர்ந்து வேறு ஏதோ வேலை செய்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

அப்போ ஃபிளெட்சர் மாதிரி சோதனை செய்தால் என்ன? பெரிபெரி சில மாதங்களில் காட்டிக்கொடுத்துவிடும். இனிப்பு நீர் வர வருஷக்கணக்காகும். அத்தனை வருஷம் ஒருவரை ஒரே அரிசியில் நிறுத்த முடியாது. ஷாங்காயில் 202 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 16 வாரம் ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசியும் மறு கூட்டத்துக்குத் தீட்டாத பழுப்பு அரிசியும் கொடுத்தார்கள். 2011-இல் வெளிவந்த முடிவில் ரத்தச் சர்க்கரையில் பெரிய வித்தியாசம் இல்லை. 16 வாரம் குறைச்சல்தான், அதனால் இதுவும் கடைசித் தீர்ப்பு இல்லை.

எல்லாத்துக்கும் மேல, அந்த 21 நாட்டு ஆய்வு வெள்ளைச் சோறு எவ்வளவு என்றுதான் ஒப்பிட்டது. வெள்ளை அரிசிக்குப் பதிலா புழுங்கல் அரிசி சாப்பிட்டால் என்ன ஆகும்னு சோதிக்கவில்லை. புழுங்கல் அரிசி நம்ம முன்னோரைக் காப்பாற்றியது உண்மை, ஆனா அது பெரிபெரியிலிருந்து. ஒரு நோய்க்குக் கிடைத்த சான்றிதழை இன்னொரு நோய்க்குக் காட்டக் கூடாது.

என் கருத்து இதுதான். அன்னதானத்தில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கறியும் பருப்பும் கூட்டினால் நல்லது. அதற்கு அந்த ஆய்வு ஒரு நியாயமான காரணம், கெடுதல் ஒன்றும் இல்லை. புழுங்கல் அரிசி பிடித்தவர்கள் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் ‘இது சாப்பிட்டால் இனிப்பு நீர் வராது’ என்று நம்ம கோயில் பேரில் யாரும் சொல்லக் கூடாது. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் கிளினிக்கில் ரத்தம் சோதித்துப் பார்க்கும் டாக்டர் வேலை.

அடுத்த முறை ‘ஆய்வு சொல்லுது’ன்னு ஏதாவது வந்தா, அனுப்பினவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: யாருக்கு எது என்பதை முடிவு செய்தது யார்? அவரவர் வாழ்க்கை என்றால் அது தொடர்பு, கூட வந்த மற்றதையும் தேடணும். ஃபிளெட்சர் எண்ணின மாதிரி எண்ணிப் பிரித்திருந்தால், அப்போ காரணம் என்று பேச ஆரம்பிக்கலாம்.

வெள்ளிக்கிழமை அடுப்படியில் பார்ப்போம்.