நிர்வாகி போனார், தடைகள் போகவில்லை

பெரிய குழுமமொன்றின் நிர்வாகி பதவி பறிக்கப்பட்டால், மறுநாள் அங்கே ஒரு கொண்டாட்டம் நடக்கும். "இனிமேல் எல்லாம் சரி" என்று நாலு பேர் எழுதுவார்கள். பூக்களும் கைகூப்பல்களும் குவியும். அவர் இட்ட தடைகள், பூட்டிய வாய்கள், வடிகட்டியில் போட்ட சொற்கள் ஆகியவற்றை மட்டும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவை ஆளில்லாமலே தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும்.

நான் பேசுவது டெலிகிராம் குழுமங்களைப் பற்றி. அங்கே ஒரு குழுமத்தில் இரண்டு இலட்சம் பேர் வரை சேரலாம் என்பதால், புலம்பெயர்ந்த எம்மவரின் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அதனுள் குடிபுகுந்துள்ளன. நான் அங்கம் வகிக்கும் ஊர்க் குழுமம் ஒன்றில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளனர். பாடசாலைக் கூரைக்காகச் சேர்த்த பணத்தின் கணக்கைக் கேட்டவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றிய நிர்வாகி ஒருவர், ஈற்றில் தாமே நீக்கப்பட்டார். எஞ்சிய நிர்வாகிகள் இருவகையாகப் பிரிந்து நின்றார்கள். "பழைய முடிவுகளைக் கிண்டவேண்டாம்" என்றது ஒரு தரப்பு. "எல்லோருக்கும் பொதுமன்னிப்பு" என்றது மறு தரப்பு. இரண்டுமே சோம்பேறித்தனம் என்பது என் கட்சி.

முதலாவது தரப்பினருக்குச் சொல்கிறேன். காரணம் எழுதப்படாத தடையை முடிவு என்று அழைக்க முடியாது. பத்திரிகை அலுவலகங்களில் இதை நான் கண்டிருக்கிறேன். "இன்னாரின் கடிதத்தைப் போடவேண்டாம்" என்று ஆசிரியர் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவார். அவருக்குப் பின் வருபவர்களும் அதைக் காப்பாற்றுவார்கள். ஏன் என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. டெலிகிராமில் நிலைமை இன்னும் மோசம். நிர்வாகிகளின் செயல்களைக் காட்டும் Recent Actions என்ற பதிவேடு கடந்த 48 மணி நேரத்தை மட்டுமே காட்டும். அதற்குள் பார்த்துப் படியெடுத்து வைக்காவிட்டால், நீக்கப்பட்டவர் கடைசி நாட்களில் யாரைத் துரத்தினார், எதை அழித்தார் என்பதற்கான சாட்சி போய்விடும். நீக்கும் நாளில் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான். பூக்கள் பிறகு வரட்டும்.

இரண்டாவது தரப்பினரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் Removed Users பட்டியலைத் திறந்து பார்த்தபோது அதில் 143 பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயரின் கீழும் யார் நீக்கியது என்று டெலிகிராம் எழுதிவைக்கிறது. 58 பெயர்கள் பழைய நிர்வாகியுடையவை. அவற்றில் 21 வெறும் விளம்பரக் கணக்குகள். எஞ்சிய 37 பேரும் ஊர்க்காரர்கள். அவர்களுள் விசா எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கறந்த ஒருவரும், பெண்களுக்குத் தனிச்செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்த ஒருவரும் இருந்தார்கள். கெட்டவர் இட்ட தடை என்பதற்காக எல்லாத் தடையும் கெட்டதாகிவிடாது. பொதுமன்னிப்புக் கேட்டவர்கள் இந்த இருவரையும் மீண்டும் வாசலில் வரவேற்கத் தயாராக இருந்தார்களா?

நான் வாதிட்டதும் பெரும் இழுபறிக்குப் பின் ஏற்கப்பட்டதும் ஓர் எளிய விதி. தற்போதைய நிர்வாகி ஒருவர் தம் பெயரையும் ஒருவரிக் காரணத்தையும் எழுதி ஒப்பமிட்டால் அந்தத் தடை நிற்கும். ஒரு வாரத்துக்குள் ஒப்பமிட எவரும் முன்வராவிட்டால் அது விழும். 37 தடைகளில் ஒன்பதுக்கு ஒப்பம் கிடைத்தது. 28 விழுந்தன. "அவர் கூடாதவர், எல்லோருக்கும் தெரியும்" என்று முழங்கியவர்களில் பலர் பெயர் எழுதச் சொன்னதும் பின்வாங்கினார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இனித்தான் எவரும் கவனிக்காத இடம் வருகிறது. 28 பேரில் சிலர் அழைப்பு இணைப்பின் வழியே திரும்பி வந்த சில நொடிகளில் மறுபடியும் தூக்கி வீசப்பட்டார்கள். இம்முறை நீக்கியவர் என்ற இடத்தில் மனிதரின் பெயர் இல்லை. மட்டுறுத்தலுக்காகச் சேர்த்திருந்த ரோஸ் என்ற பொட்டின் பெயர் இருந்தது. உடனே "பொட் பழுது" என்று தீர்ப்பளித்தார்கள். அதில் பழுது எதுவுமில்லை. ரோஸில் பல குழுமங்களை ஒரே கூட்டமைப்பாக இணைக்கும் வசதி உண்டு. அந்தக் கூட்டமைப்பின் உரிமையாளர் ஒருவரைத் தடைசெய்தால், இணைந்த குழுமங்கள் அனைத்திலும் அத்தடை செல்லும். எமது குழுமம் இணைக்கப்பட்டிருந்த கூட்டமைப்பின் உரிமையாளர் யார் தெரியுமா? நீக்கப்பட்ட அதே நிர்வாகி! வாசலில் நின்றவரை அனுப்பிவிட்டு, திறப்பை அவரிடமே விட்டுவைத்திருந்தார்கள்.

இதைக் கண்டறிய இரண்டு நிமிடம் போதும். குழுமத்தில் இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சிட வேண்டும்:

```
/admincache
/chatfed
/blocklist
```

முதலாவது, நிர்வாகிகளின் புதிய பட்டியலைப் பொட்டுக்கு அறிவிக்கிறது. இரண்டாவது, குழுமம் எந்தக் கூட்டமைப்பில் உள்ளது என்று சொல்கிறது. மூன்றாவது, தடைசெய்த சொற்களைக் காட்டுகிறது. கூட்டமைப்பிலிருந்து விலகும் கட்டளை `/leavefed`. அதைக் குழுமத்தின் உரிமையாளர் மட்டுமே இட முடியும். எமது உரிமையாளர் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணர் ஒருவர். மாதக்கணக்கில் குழுமத்தைத் திறக்காதவர். தொலைபேசியில் பிடித்து இதைச் செய்விக்க நான்கு நாள் ஆயிற்று. ஆகவே வரிசை முக்கியம். முதலில் பொட்டை விடுவியுங்கள், பிறகு பட்டியலைத் திருத்துங்கள். மாற்றிச் செய்தால், மன்னிக்கப்பட்டவர்களை இரண்டாம் முறையும் அவமதிப்பீர்கள்.

சொற்பட்டியலில் வசவுச் சொற்களுக்கு நடுவே "கணக்கறிக்கை" என்ற சொல்லும் இருந்தது. ஒரு கிராமத்துப் பாடசாலையின் கூரைக்குப் பணம் கொடுத்தவர்கள் அச்சொல்லை எழுதிய கணத்தில் அவர்களின் செய்தி மறைந்தது. எழுதியவருக்கு மட்டுமே அது தெரியும். ஏனைய ஆறாயிரம் பேருக்கும், எவரும் கேள்வி கேட்கவில்லை என்றே தோன்றியது. ஒருவரை வெளியேற்றினாலாவது நண்பர்கள் தேடுவார்கள். இதை எவரும் தேடமாட்டார்கள். இதனாலேயே சொல்வடிகட்டியை ஆள்தடையை விடக் கொடியதாக நான் கருதுகிறேன்.

பழைய நிர்வாகி நியமித்த துணை நிர்வாகிகள் விடயமும் உண்டு. அவர் போனாலும் அவர்கள் போகமாட்டார்கள். ஒரு நிர்வாகி, தாம் நேரடியாகவோ மறைமுகமாகவோ நியமித்தவரை மட்டுமே இறக்க முடியும். ஆகவே இதற்கும் உரிமையாளரே வரவேண்டும். எமது அண்ணர் தொலைபேசியில் இருந்த அதே வேளையில் இருவரை இறக்கினார். ஒரு மணிக்கு ஒரு செய்தி என்றிருந்த மெதுவேகக் கட்டுப்பாட்டை முப்பது நொடியாக்கவும் சொன்னோம், செய்தார். நிர்வாகிகளை அக்கட்டுப்பாடு தொடாது என்பதால், அது இருந்ததே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை.

தடைப்பட்டியலிலிருந்து பெயரை எடுத்தாலே ஒருவர் தானாகத் திரும்பிவிடுவதில்லை; அவருக்குச் செய்தியும் போகாது. 28 பேருக்கும் தனித்தனியே எழுதி, அழைப்பு இணைப்பையும் அனுப்ப வேண்டியிருந்தது. பத்தொன்பது பேர் வந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஓய்வுபெற்ற கணித மாஸ்டர், வந்த அன்றே கணக்கறிக்கையை மறுபடியும் கேட்டார். செய்தி அழியாமல் நின்றது. பொருளாளர் இன்னமும் பதில் எழுதவில்லை.