பால்டீ ஏன் 100 ரூபா? கணக்கைச் சொல்லிட்டுக் கூட்டுங்க

"தவிர்க்க முடியாத காரணங்களால் விலை அதிகரிக்கப்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்."

2022ல மாத்தளை டவுன்ல இந்த வரி ஒட்டாத கடைய எண்ணிடலாம். என்னைக் கேட்டா, ஒரு கடைக்காரர் எழுதக்கூடிய ஆக மோசமான வரி இதுதான். மரியாதையாத்தான் இருக்கு. ஆனா உள்ள ஒண்ணுமில்ல. வாசிக்கிறவருக்கு, "உனக்கெல்லாம் காரணம் சொல்லத் தேவையில்ல" என்றுதான் கேட்கும்.

எங்க மாமாவும் அதைத்தான் ஒட்டினார். பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட சின்ன டீக்கடை அவருக்கு. ரத்தோட்டை, எல்கடுவ பக்கத்துத் தோட்டங்கள்ல இருந்து டவுனுக்கு வர்றவங்கதான் பாதி வாடிக்கை. 2022 மார்ச்ல 400 கிராம் பால்மா பக்கெட் ஒரேயடியா 250 ரூபா ஏறி 790 ஆச்சு. உடனே உணவகக்காரர்களோட சங்கம் பால்டீ இனிமே 100 ரூபா என்று அறிவிச்சது. மாமாவும் 75 ரூபா டீய அடுத்த நாளே 100 ஆக்கினார்.

அப்போ தோட்டத்துல ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா. அதாவது ஒரு பால்டீ, நாள் சம்பளத்துல பத்தில ஒரு பங்கு. யாரும் சண்டை போடல. வாடிக்கையாளர் பெரும்பாலும் சண்டை போடமாட்டார், பேசாம வராம விட்டுடுவார். மாமாவுக்கு அது தெரிஞ்சது பால்மா பக்கெட்லதான். முன்ன ஒரு நாளைக்கு நாலு பக்கெட் உடைப்பார், இப்போ ரெண்டரைக்கு மேல போகல.

ஒரு ராத்திரி கொப்பிய எடுத்து ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் ஒரு கப்புக்குப் போடுறது சுமார் 16 கிராம் பால்மா. அப்போ 400 கிராம் பக்கெட்ல 25 கப். 540 ரூபாவா இருந்தப்போ ஒரு கப்புக்கு 21 ரூபா 60 சதம். 790 ஆனப்போ 31 ரூபா 60 சதம். வித்தியாசம் சரியா 10 ரூபா.

"சீனியும்தானே ஏறுது" என்றார் மாமா. சரி, அதையும் பார்த்தோம். ஒரு கப்புக்குப் 12 கிராம் சீனி. கிலோவுக்கு 50 ரூபா ஏறினாலும் கப்புக்கு 60 சதம்தான். மூட்டையா வாங்குறவர் கையில பெருசாத் தெரியுற செலவு, கப்புக்குள்ள வர்றப்போ சில்லறையாப் போயிடுது. ஆக அவர் கூட்டினது 25 ரூபா, அவரால காரணம் சொல்ல முடிஞ்சது 10, 11 ரூபாவுக்கு. மிச்சம் சங்கம் சொன்ன நம்பர். கொழும்புல வாடகையும் ஆள் சம்பளமும் குடுக்கிற கடைக்கு அந்த நம்பர் சரியா இருக்கலாம். மாமியும் மாமாவுமே நிக்கிற கடைக்கு அது பொருந்தல.

மாமா 85க்கு இறக்கினார். அது அவருக்கு லேசான முடிவில்ல. "இறக்கினா, இத்தனை நாளும் ஏமாத்தினேன்னு நினைப்பாங்களே" என்று ரெண்டு நாள் யோசிச்சார்.

அதுக்கிடையில ஏப்ரல் கடைசியில அடுத்த அடி. 12.5 கிலோ கேஸ் 2,675ல இருந்து 4,860. இந்த முறை அறிவித்தலை நான் எழுதினேன். கடையில ஒட்டினது இதுதான்:

"அன்பான வாடிக்கையாளர்களுக்கு,
மே 2 திங்கட்கிழமையில் இருந்து பால்டீ 85 ரூபாவில் இருந்து 90 ரூபா, பிளேன்டீ 30 ரூபாவில் இருந்து 35 ரூபா.
கேஸ் 2,185 ரூபா ஏறியுள்ளது. ஒரு சிலிண்டரில் நாங்கள் சுமார் 500 கப் போடுகிறோம். அதனால் ஒரு கப்புக்கு 4 ரூபா 37 சதம் கூடுகிறது. சில்லறை இல்லாததால் 5 ரூபாவாக எடுக்கிறோம்.
டீயின் அளவும் பால்மாவின் அளவும் மாறாது.
கேஸ் 3,000 ரூபாவுக்குக் கீழே வந்தால் இந்த 5 ரூபாவைக் குறைப்போம்.
மே 2க்கு முன் கொப்பியில் எழுதிய கணக்கு பழைய விலைக்கே."

பக்கத்துல அதையே சிங்களத்துலயும் எழுதி ஒட்டினோம். ஒரு மொழியில மட்டும் காரணம் சொன்னா, மத்தவருக்கு வெறும் விலை மட்டும்தான் தெரியும்.

இதுல நாலு விஷயத்தை நான் முக்கியமா நினைக்கிறேன். ஒண்ணு, திகதி. நாலு நாள் முந்தியே ஒட்டினோம். காசு நீட்டுற நேரத்துல புது விலை கேட்கிறதுதான் ஆளைக் கூசவைக்கும். ரெண்டு, ஒரே காரணம். டொலர், யுத்தம், அரசாங்கம் எல்லாத்தையும் எழுதினா அது புலம்பல், யாராலயும் சரிபார்க்க முடியாது. கேஸ் விலை எல்லாருக்கும் தெரியும். வாசிக்கிறவர் அங்கயே வகுத்துப் பார்க்கலாம், ஒருத்தர் பார்க்கவும் செஞ்சார்.

மூணு, அளவு. விலையக் கூட்டாம பால்மாவைக் குறைக்கிறது நிறையப் பேர் செஞ்ச வேலை. 16 கிராமை 13 ஆக்கினா அதே பக்கெட்ல 30 கப் வரும், கப்புக்கு 5 ரூபா மிச்சம். ஆனா தினமும் குடிக்கிறவர் நாக்கு தராசு மாதிரி. விலை கூடினா கணக்குப் பார்ப்பார், டீ தண்ணியானா உங்களைப் பத்தி ஒரு முடிவுக்கு வந்துடுவார். நாலாவது கொப்பிக் கணக்கு. சம்பள நாளுக்குக் காசு தர்றவங்க ஏற்கனவே குடிச்ச டீக்குப் புது விலை போட்டா, அது விலை உயர்வு இல்ல, நம்பிக்கைத் துரோகம்.

"குறைப்போம்" என்ற வரிதான் மாமாவுக்குப் பயம். அதுக்காகத்தான் 3,000 என்று எழுதினோம். ஆகஸ்ட்ல கேஸ் 246 ரூபா குறைஞ்சதும், "கேஸ் எறங்கிருச்சே முதலாளி" என்று கேட்டாங்க. 246ஐ 500ஆல வகுத்தா 49 சதம். "கேஸ் குறைஞ்சா டீயும் குறையும்" என்று மட்டும் எழுதியிருந்தா அன்னைக்கு மாமா பொய்யன் ஆகியிருப்பார். நம்பர் இருந்ததால போர்டைக் காட்டினார், அவங்களும் சரி என்றுட்டாங்க.

2023 ஜூலையில கேஸ் 2,982 ஆச்சு. பிளேன்டீயில 5 ரூபா குறைச்சார். பால்டீயில குறைக்க முடியல, பால்மா அதுக்குள்ள 790ஐத் தாண்டி எங்கயோ போயிருந்துச்சு. அதையும் போர்டுல எழுதினார். ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க. ஆனா முணுமுணுத்துட்டு அங்கயேதான் குடிச்சாங்க.

இதால எல்லாம் சரியாகிடுச்சு என்று சொல்லமாட்டேன். கேஸே கிடைக்காம விறகடுப்புல டீ போட்ட நாட்கள்ல எந்த அறிவித்தலும் உதவல. பழைய ஆட்கள் எல்லாரும் திரும்பி வரவுமில்ல. 1,000 ரூபா சம்பளத்துக்கு 90 ரூபா டீயும் பாரம்தான், அதை எந்த மரியாதையான வசனமும் குறைக்காது.

ஆனா விலைப்பட்டியலைக் கண்ணுக்குத் தெரியிற இடத்துல வைக்கணும் என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் ஏற்கனவே சொல்லுது. எப்படியும் எழுதப்போற போர்டுதானே, அதுல இன்னும் மூணு வரி சேர்த்து எழுதுங்க. கேக் செஞ்சு விக்கிற தங்கச்சிமார், போன் ரிப்பேர் கடை போட்ட தம்பிமார், ட்யூஷன் எடுக்கிறவங்க, உங்களுக்கும் இதேதான். "வருந்துகிறோம்" எழுத முந்தி ஒரு தடவை வகுத்துப் பாருங்க. வர்ற விடையை எழுதி ஒட்டக் கூச்சமா இருந்தா, நீங்க கூட்டினது கொஞ்சம் கூடிப்போச்சு.