தலைக்கு எத்தனை லட்சம்?

நீங்கள் நெய்வேலியில் ஒரு மருத்துவமனையின் நிதிக் குழுவில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஏ.சி. அறை. டீ, பிஸ்கட். மேஜையில் இரண்டு ஃபைல்கள். கையில் இருப்பது வருடத்துக்கு 2 கோடி ரூபாய். ஏதாவது ஒரு ஃபைலில்தான் கையெழுத்துப் போட முடியும்.

முதல் ஃபைல், தீக்காயம் பட்டவர்களுக்குத் தனி வார்டு. இரண்டாவது, சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பவர்களைக் கண்டுபிடித்து மாதாமாதம் மாத்திரை கொடுக்கும் திட்டம். முதலாவது வருடத்துக்குச் சராசரியாக 2 உயிரைக் காப்பாற்றும், இரண்டாவது 40 உயிரைக் காப்பாற்றும் என்று குறிப்பு சொல்கிறது. அதாவது அங்கே தலைக்கு ஒரு கோடி, இங்கே தலைக்கு 5 லட்சம். பேனாவை எடுங்கள்.

எண்கள் என் கற்பனை. கணக்குப் போடும் முறை கற்பனை இல்லை. இங்கிலாந்தில் பெந்தம் என்ற சிந்தனையாளர் இருநூறு வருடங்களுக்கு முன்னால் ‘அதிகம் பேருக்கு அதிக நன்மை’ என்று தொடங்கி வைத்தது. இன்றைக்கும் பிரிட்டனில் ‘நைஸ்’ என்ற அரசு அமைப்பு, ஒரு புதிய மருந்தை அரசு செலவில் தரலாமா என்று முடிவு செய்யும்போது, அதனால் கிடைக்கும் ஒவ்வொரு ஆரோக்கியமான ஆயுள் வருடத்துக்கும் எத்தனை பவுண்டு ஆகிறது என்றுதான் பார்க்கிறது. நானும் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுன்டன்சி பரீட்சையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் இரண்டாவது ஃபைலை டிக் அடித்து முழு மார்க் வாங்கியிருப்பேன்.

இதை இதயமில்லாத கணக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தீக்காயம் பட்டவர் டி.வி.யில் வருவார், மந்திரி வந்து பார்ப்பார். மாத்திரை கிடைத்ததால் பக்கவாதம் வராமல் போன கிராமத்துப் பாட்டி எந்த சேனலிலும் வரமாட்டார். தனக்கு என்ன வராமல் போனது என்பது அவருக்கே தெரியாது. முகம் தெரியாத அந்த 40 பேருக்காகப் பேசுவது இந்தக் கணக்கு ஒன்றுதான். அந்த மரியாதையை அதற்குக் கொடுத்தாக வேண்டும்.

பிறகு என்ன தகராறு என்கிறீர்களா?

2020 ஜூலை 1. நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தின் ஐந்தாவது யூனிட்டில் கொதிகலன் பகுதியில் விபத்து. அங்கேயே 6 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களில் பலரை ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டு போனார்கள். அடுத்தடுத்த நாட்களில் அங்கேயும் ஒவ்வொருவராக இறந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால், மே 7-ம் தேதியும் இதே மின் நிலையத்தில் ஒரு கொதிகலன் விபத்து. அதிலும் உயிர்கள் போயின. இரண்டிலும் நிரந்தரத் தொழிலாளியும் இருந்தார், ஒப்பந்தத் தொழிலாளியும் இருந்தார்.

இப்போது மறுபடி நம் ஃபைலுக்கு வாருங்கள். ‘வருடத்துக்கு 2 உயிர்’ என்ற வரியைப் பாருங்கள். கிராமத்தில் சர்க்கரை வியாதி வந்தவருக்கு அந்த வியாதியைக் கொடுத்தது நிறுவனம் இல்லை. கொதிகலன் முன்னால் நிற்பவருக்கு அந்த ஆபத்தைக் கொடுத்தது நிறுவனம்தான். நீ இங்கே நில், நெருப்பு பக்கத்தில் இருக்கும், உன்னால் நாடு முழுக்க விளக்கு எரியும் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறோம். கணக்கு இரண்டு உயிரையும் ஒரே கூடையில் போட்டு எண்ணுகிறது. எண்ணிக்கை சரி. ஆனால் ஒருவருக்கு நாம் செய்வது உதவி, இன்னொருவருக்குக் கொடுப்பது கடன் பாக்கி. கடன்காரன் வாசலில் நிற்கும்போது, ‘உனக்குத் தரவேண்டிய பணத்தில் நாற்பது பேருக்கு அன்னதானம் செய்துவிட்டேன், புண்ணியம் அதிகம்’ என்று சொன்னால் அவன் சும்மா போவானா?

உரிமை என்று சொல்கிறார்களே, அது இதுதான். கூட்டிக் கழித்து மற்றவர்களுக்கு லாபம் வந்தாலும் இவனிடமிருந்து எடுக்கக் கூடாத ஒன்று.

எனக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு. இந்தத் ‘தலைக்கு எத்தனை’ கணக்கை எப்போது எடுக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரிய நிறுவனங்களில் மேலதிகாரிக்கு இதய அடைப்பு வந்தால் சென்னை மருத்துவமனைக்குக் கடிதம் போகும், பில் வரும், பாஸ் ஆகும். அந்தப் பணத்தில் எத்தனை பாட்டிகளுக்கு மாத்திரை வாங்கலாம் என்று அன்றைக்கு யாரும் கால்குலேட்டர் தட்டுவதில்லை. அது சர்வீஸ் கண்டிஷன், அதாவது உரிமை. ஒப்பந்தத் தொழிலாளி என்று வரும்போதுதான் பெந்தம் ஞாபகத்துக்கு வருகிறார். அந்த 2 கோடி எங்கிருந்து வந்தது? ஏன் 3 கோடி இல்லை? இந்தக் கேள்வி மேஜைக்கு வருவதே இல்லை. பெட்டியைச் சின்னதாகச் செய்து கொடுத்துவிட்டு, ‘இதற்குள் நியாயமாக அடுக்கு’ என்கிறார்கள்.

சரி, உரிமை உரிமை என்று கூவிவிட்டால் போதுமா? போதாது. கூவுகிறவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு டர்பன் வரை போய்வர வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தியாகராஜ் சூப்ரமணி என்று ஒருவர். பெயரைப் பார்த்தாலே நம்ம ஊர் வாடை தெரிகிறது. வயது 41. சர்க்கரை, இதய நோய், பக்கவாதம், கடைசியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. தனியாரிடம் டயாலிசிஸ் செய்து பணம் தீர்ந்ததும் அடிங்டன் அரசு மருத்துவமனைக்கு வந்தார். அங்கே இருந்தவை 20 இயந்திரங்கள், அதிலும் சில பழசு. ஒரு ஆளுக்கு 4 மணி நேரம் ஓடும், பிறகு சுத்தம் செய்ய 2 மணி நேரம். வருகிறவர்களில் நூற்றுக்கு 30 பேருக்குத்தான் இடம். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள்: மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவருக்கு முன்னுரிமை. இதய நோய் இருந்ததால் இவருக்குத் தகுதி இல்லை. ‘அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது’ என்று அந்த நாட்டு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதே என்று கோர்ட்டுக்குப் போனார்.

1997 நவம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. சில நாட்களில் அவர் இறந்து போனார்.

கல் நெஞ்சக்கார நீதிபதிகளா? இல்லை. இவருக்குக் கொடுத்தால் இதே நிலையில் உள்ள எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், அப்போது மற்ற சிகிச்சைகளுக்குப் பணம் இருக்காது என்றார்கள். அதோடு ஒரு கோடும் கிழித்தார்கள். திடீரென்று வரும் விபத்து வேறு, நாள்பட்ட வியாதிக்கு வாரா வாரம் தேவைப்படும் சிகிச்சை வேறு. முதலாவதில் வாசலில் வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. இரண்டாவதில் வரிசையும் விதியும் இருக்கலாம், அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கோட்டைக் கிழிக்க அவர்கள் துணைக்கு எடுத்தது எது தெரியுமா? நம் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு!

1992 ஜூலையில் மேற்கு வங்காளத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி கல்கத்தாவின் பெரிய அரசு மருத்துவமனைகள் வரை ஒன்றன்பின் ஒன்றாக அலைக்கழித்தார்கள். இங்கே வசதி இல்லை, அங்கே படுக்கை இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பணம் இல்லை என்று சொல்லி உயிர் வாழும் உரிமையிலிருந்து அரசு தப்பிக்க முடியாது என்றது.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வரும் பகுதி. ஊருக்கு ஊர் நரம்பியல் மருத்துவமனை கட்டு என்று நீதிபதிகள் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உயிரை நிறுத்தி வைக்கும் அளவுக்கு முதல் சிகிச்சை, எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்று உடனே தெரிய ஒரு மையத் தொடர்பு ஏற்பாடு, கருவிகளோடு ஆம்புலன்ஸ் என்றார்கள். உரிமை என்ன கிடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. எப்படிக் கொடுப்பது என்பதைக் கணக்குக்கு விட்டுவிட்டது.

இதை வைத்துக் கொண்டு நெய்வேலிக்குத் திரும்புவோம். ‘தீக்காய வார்டு கட்டினால்தான் உரிமை’ என்பவரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. வருடத்துக்கு நாலைந்து பேர் மட்டுமே வரும் வார்டில் நர்சுக்கும் டாக்டருக்கும் கை பழகாது. தோல் ஒட்டும் வேலையும் கிருமி தொற்றாமல் காப்பதும் தினமும் செய்கிறவர்களுக்குத்தான் கைவரும். இந்த இடத்தில் கணக்குக்காரர் சொல்வதே சரி: முழு சிகிச்சைக்குப் பெரிய மையம்தான்.

ஆனால் அந்த மையம் சென்னையில் என்றால் சுமார் 200 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன்னால் நடக்க வேண்டியவை இருக்கின்றன. டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு எளிய சூத்திரம் உண்டு: எடையை வெந்த தோலின் சதவீதத்தால் பெருக்கி, அதை 4 மில்லியால் பெருக்கு. 60 கிலோ ஆள், 40 சதவீதம் வெந்திருந்தால் 9,600 மில்லி திரவம் ஒரு நாளில் நரம்பு வழியாக ஏற வேண்டும். அதில் பாதி, கிட்டத்தட்ட 5 லிட்டர், முதல் 8 மணி நேரத்துக்குள். அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அல்ல, தீப்பட்ட நிமிடத்திலிருந்து. மூக்கு முடி கருகி, குரல் கம்மி, சளியில் கரி வந்தால் உள்ளேயும் வெந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். தொண்டை வீங்கி அடைவதற்கு முன்னால் மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டும். வழியில் திண்டிவனத்தில் வண்டியை நிறுத்திப் போட முடியாது.

இதற்கு 2 கோடி வேண்டாம். ஷிஃப்டுக்கு ஒரு பயிற்சி பெற்ற குழு, டியூப் போடத் தெரிந்த டாக்டர், வென்டிலேட்டர் உள்ள ஆம்புலன்ஸ், படுக்கைக்கு முன்கூட்டியே எழுதிய ஒப்பந்தம். இது கடன் பாக்கி. இதைக் கணக்குக்குள் கொண்டு வரவே கூடாது. உற்பத்திச் செலவில், நிலக்கரிக்கும் உதிரி பாகத்துக்கும் பக்கத்தில் எழுத வேண்டிய தொகை. கம்பெனி சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்குகிறார்களே, அந்தக் கணக்கிலிருந்து எடுத்துத் தர்மம் மாதிரியும் காட்டக் கூடாது. மீதிப் பணத்தைப் பாட்டிகளின் மாத்திரைக்குக் கொடுங்கள். அங்கே பெந்தம் தாராளமாக உட்காரட்டும், நானே நாற்காலி போடுகிறேன்.

அந்த ஏ.சி. அறையில் உங்களை இன்னும் எழுப்பவில்லை. இரண்டு ஃபைலையும் ஓரமாக வைத்துவிட்டு, எதிரில் இருக்கும் அதிகாரியிடம் ஒன்று கேளுங்கள்: “சார், இன்னிக்கு நைட் ஷிஃப்ட்ல டியூப் போடத் தெரிஞ்ச டாக்டர் யாரு? கான்ட்ராக்ட் ஆளுக்கும் அவர்தானே வருவாரு?”