கையெழுத்து வாங்கத் தமிழ், கையில் கொடுக்க ஆங்கிலமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் அப்பா. எழுபதைத் தாண்டியவர். கால் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கியபோது வடசென்னையிலுள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பார்த்த வைத்தியத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆளைத் தேற்றி அனுப்பினார்கள். என் முறையீடெல்லாம் கிளம்பும்போது கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளைப் பற்றித்தான். முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம். தேதியைத் தவிர அப்பாவால் படிக்க முடிந்தது எதுவுமில்லை. தினமும் காலையில் தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கம் வரை விடாமல் படிக்கிறவர் அவர்.

இதே மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் செய்வதற்கு முன் ஒரு சம்மதப் படிவம் கொடுத்தார்கள். அது நல்ல தமிழில் இருந்தது. என்னென்ன ஆபத்து நேரலாம், அதற்கு மருத்துவமனை பொறுப்பாகாது என்பதெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும்படி அச்சிட்டிருந்தார்கள். மருத்துவமனைக்குப் பாதுகாப்பு வேண்டிய இடத்தில் தமிழ் இருக்கிறது. நோயாளிக்குப் பாதுகாப்பு வேண்டிய இடத்தில் இல்லை. இதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க ஆங்கிலத் தாள்களோடுதான் என் பிழைப்பு. இருந்தும் அந்தத் தாளை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல உட்கார்ந்தபோது திணறிவிட்டேன். தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் வரிவரியாகக் கேட்டுத்தான் எழுதி முடித்தேன். அதில் சிலவற்றை இங்கே சொல்கிறேன். இந்தப் பகுதியில் பல வீடுகளின் பீரோவில் இதே போன்ற தாள் ஒன்று இருக்கும்.

இதய பலவீனம் என்ற நோயின் பெயருக்குக் கீழே 'எல்.வி.இ.எஃப். 30%' என்று இருந்தது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், இதயம் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறது என்று அப்பா காதுபடவே சொல்லிவிட்டார். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையில் அந்த எண் என்ன? இதயத்தின் இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில், ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற அளவு அது. நல்ல ஆரோக்கியமான இதயமும் நூறு சதவீதம் தள்ளுவதில்லை. ஏறக்குறைய 55 முதல் 70 வரைதான் தள்ளும். ஆகவே 30 என்பது இருக்க வேண்டியதில் பாதி. கவலைப்பட வேண்டியதுதான், ஆனால் மிச்சம் எழுபது சதவீத இதயம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டால் பலருக்கு இந்த எண் ஏறவும் செய்கிறது. இதைச் சொன்ன பிறகுதான் அப்பா தட்டை எடுத்தார்.

அடுத்தது மாத்திரை. 'ஓ.டி.' என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளை, 'பி.டி.' என்றால் இரு வேளை, 'ஹெச்.எஸ்.' என்றால் படுக்கப் போகும்போது. 'எஸ்.ஓ.எஸ்.' என்றிருந்தால் தேவைப்பட்டால் மட்டும். அந்த மாத்திரையைத் தினமும் விழுங்குகிறவர்கள் உண்டு. நீர் பிரிய எழுதிய ஃபுரோசமைடு 40 மி.கி. மாத்திரைக்கு நேரே 1-1-0 என்று இருந்தது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு கிடையாது. அந்த இரவுப் பூஜ்யத்துக்குக் காரணம் உண்டு. இரவில் போட்டால் ராத்திரி முழுக்கச் சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும். வயதானவர் இருட்டில் எழுந்து நடந்து விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். "மதியம் மறந்துட்டேம்மா, ராத்திரி போட்டுக்கறேன்" என்று அப்பா சுலபமாகச் சொல்லியிருப்பார். காரணம் தெரிந்த பிறகு சொல்லவில்லை.

பெரிய ஆபத்து மாத்திரைப் பட்டியலில் இல்லை. இரண்டாம் பக்கத்தில், மருத்துவமனையில் நடந்ததைச் சொல்லும் நீண்ட பத்திக்குள் ஒரே ஒரு வரியில் இருந்தது. 'ஏ.ஆர்.பி. நிறுத்தப்பட்டு ஏ.ஆர்.என்.ஐ. தொடங்கப்பட்டது' என்பதுதான் அந்த வரியின் சாரம். அப்பா பல வருடமாக இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் சாப்பிட்டு வருகிறார். அதுதான் அந்த ஏ.ஆர்.பி. புதிதாகக் கொடுத்திருப்பது சாகுபிட்ரிலும் வல்சார்டானும் சேர்ந்த மாத்திரை. பெயர் 'சார்டான்' என்று முடிவதைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே குடும்பம். புதியதற்குள்ளேயே பழையதன் வேலையைச் செய்யும் மருந்து இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் மடமடவென்று இறங்கித் தலைசுற்றி விழலாம், சிறுநீரகம் கெடலாம், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம்.

மருந்துப் பட்டியலில் டெல்மிசார்டான் என்ற பெயரே இல்லை. 'நிறுத்துங்கள்' என்றும் இல்லை. வீட்டு அலமாரியில் பாதிப் பட்டை மீதி இருந்தது. வீடு திரும்பிய மறுநாள் காலையில் புது மாத்திரைகளோடு அதையும் பிரித்துத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. பிரஷர் மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை என்பது அவருக்குப் பெருமை. முந்தின இரவு அந்த வரியை மருத்துவரிடம் கேட்டு வைத்திருந்ததால் தடுத்தேன். ஆங்கிலம் தெரிந்த ஆள் இல்லாத வீட்டில் யார் தடுப்பார்கள்? ஆங்கிலம் தெரிந்தால் மட்டும் போதுமா? ஏ.ஆர்.பி. என்ற மூன்றெழுத்துக்கும் டெல்மிசார்டானுக்கும் உள்ள உறவு எந்த ஆங்கிலப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள்?

பத்தியம் ஒரே வரியில் முடிந்திருந்தது. தண்ணீர் ஒன்றரை லிட்டர், உப்புக் குறைப்பு, தினமும் எடை. கந்தகமும் கரியும் கலந்த புழுக்கத்தில் வாழும் எங்கள் எண்ணூர்–திருவொற்றியூர்ப் பக்கம், வயதானவரைப் பார்த்தால் 'நிறையத் தண்ணி குடிங்க' என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை. இந்த நோயில் அதுவே நுரையீரலில் நீராகத் திரும்பும். ஒன்றரை லிட்டர் என்பது குடிதண்ணீர் மட்டுமல்ல. டீ, மோர், கஞ்சி, ரசம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். காலையில் ஒன்றரை லிட்டரைப் பாட்டிலில் அளந்து வைத்து, டீ குடித்தால் அதே அளவு பாட்டிலிலிருந்து கொட்டிவிடுகிறோம். சாயங்காலம் பார்த்தால் மிச்சம் தெரிந்துவிடும்.

உப்பு எவ்வளவு என்று தாளில் அளவே இல்லை. கேட்டபோது, நாள் முழுவதற்கும் சமையலில் சேர்ப்பது எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்றார் மருத்துவர். கருவாடு, ஊறுகாய், அப்பளம் அறவே கூடாது. காசிமேட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த மனிதரிடம் கருவாட்டை விடச் சொல்வதென்றால், அதற்குக் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு வார்த்தையில் 'சால்ட் ரெஸ்ட்ரிக்டட்' என்று எழுதினால் நடக்காது. இன்னொன்று: கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' நல்லது என்று வாங்கிவிடாதீர்கள். பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்திருக்கிறார்கள். மேலே சொன்ன மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆகாது.

எடை எதற்கு என்பதும் தாளில் இல்லை. காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, வெறும் வயிற்றில், ஒரே மாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். கால் வீங்கி மூச்சு வாங்கும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ, தூக்கத்தில் மூச்சடைத்து எழுந்து உட்கார்ந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இந்த இரண்டு அறிகுறியும் தாளில் இருக்கத்தான் செய்தன, 'ஆர்த்தாப்னியா', 'பி.என்.டி.' என்று, பழைய கதையாக. திரும்ப வந்தால் என்ன செய்வது என்று இல்லை. முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை இவருக்கு நஞ்சு, உடம்பில் நீரைத் தேக்கிச் சிறுநீரகத்தையும் அழுத்தும் என்பதற்கு அங்கே இருந்தது 'என்.எஸ்.ஏ.ஐ.டி. தவிர்க்க' என்ற ஒரு குறிப்பு மட்டும்.

மருத்துவமனையில் கேட்டபோது, "அடுத்த டாக்டர் படிக்கத்தானேம்மா இது, இங்கிலீஷ்லதான் இருக்கணும்" என்றார்கள். நியாயம்தான். நான் அந்தத் தாளை மாற்றச் சொல்லவில்லை. நாளைக்கே அப்பாவை வேறு ஊரில் சேர்க்க நேர்ந்தால் அந்த ஆங்கிலத் தாள்தான் கைகொடுக்கும். அதோடு, நோயாளிக்கென்று தமிழில் தனியாக ஒரு பக்கம் கொடுங்கள் என்கிறேன். என்ன நோய், எந்த மாத்திரை புதிது, எது தொடரும், எது நிறுத்தப்பட்டது, தண்ணீர் உப்பு எவ்வளவு, எது நடந்தால் ஓடி வர வேண்டும், அவ்வளவுதான். மாத்திரையின் பெயரைத் தமிழிலும், பட்டையில் உள்ளபடி ஆங்கில எழுத்திலும் போடுங்கள். பட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். மருத்துவருக்கு நேரமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதய பலவீனத்துக்கான பத்தியம் ஆளுக்கு ஆள் புதிதாக எழுத வேண்டியதல்ல. ஒருமுறை அச்சிட்டு வைத்துக்கொண்டு அளவை மட்டும் பேனாவால் நிரப்பலாம். சம்மதப் படிவத்தை அப்படித்தானே செய்திருக்கிறார்கள்!

2018-இல் தேசிய மனித உரிமைகள் ஆணையம் வெளியிட்ட நோயாளிகள் உரிமைச் சாசனம், நோயாளிக்குத் தெரிந்த மொழியில், அவருக்குப் புரியும்படி நோயையும் சிகிச்சையையும் விளக்க வேண்டும் என்கிறது. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் இங்கே 1956-இலேயே வந்துவிட்டது. இவ்வளவு இருந்தும் டிஸ்சார்ஜ் மேசைக்குத் தமிழ் இன்னும் வந்து சேரவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்களும் எங்கள் தெருக்காரர்கள்தான். எது நிறுத்தப்பட்டது என்று தமிழில் ஒரு தாள் இருந்தால் அதை அவர்களிடம் காட்டினாலே போதும், பழைய மாத்திரை வீட்டுக்குள் வராது.

ஆகவே மக்கள் நல்வாழ்வுத் துறை அரசு, தனியார் என்று பாராமல் எல்லா மருத்துவமனைகளுக்கும், தமிழ்ப் பக்கம் இல்லாமல் எந்த நோயாளியையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். தெலுங்கும் உருதும் பேசுகிற குடும்பங்கள் வடசென்னையில் நிறைய; அவர்களுக்கு அவரவர் மொழியிலும் கிடைக்கட்டும். அதுவரை வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். டிஸ்சார்ஜ் ஆகும்போது வீட்டிலிருக்கும் பழைய மாத்திரைப் பட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றையும் காட்டி 'இது உண்டா, இல்லையா' என்று கேளுங்கள். பதிலை அங்கேயே அந்தப் பட்டையின் மீதே எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவொற்றியூர்.