பைப் ஒழுகுது அங்கிள்!

பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீட்டில் இருக்கும் என் அக்காள் மகன் கடந்த மார்ச்சில் வீட்டுக்காரருக்குப் புலனத்தில் எழுதியது இவ்வளவுதான்: "அங்கிள், பைப் ஒழுகுது. கொஞ்சம் பாருங்க." கிள்ளானில் இருக்கும் வீட்டுக்காரர் கட்டை விரலை உயர்த்தினார். அதோடு சரி. ஒரு வாரம் போனது.

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. எந்தப் பைப்? எவ்வளவு ஒழுகுகிறது? யாரை அனுப்புவது? எதுவும் அதில் இல்லையே!

அவனைச் சமையலறை சிங்க்கின் கீழே பார்க்கச் சொன்னேன். குழாயைத் திறந்தால் மட்டும் சொட்டினால் கோளாறு கழிவுநீர்ப் பைப்பில். மூடிய பிறகும் சொட்டினால் தண்ணீர் வரும் பைப்பில். இரண்டாவதுதான் அவசரம்; ராத்திரியெல்லாம் நிற்காது. இரவு பத்து மணிக்கு வாளி வைத்தான். காலை ஆறு மணிக்குப் பத்து லிட்டர் வாளி நிறைந்திருந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்து எழுதினோம்:

"வணக்கம் அங்கிள். சிங்க்கின் கீழே, சுவர் வால்வும் ஹோஸும் சேரும் இடத்தில் மார்ச் 1 முதல் ஒழுகுகிறது. 3ஆம் தேதி உங்களுக்குத் தெரிவித்தேன். குழாயை மூடினாலும் நிற்கவில்லை. நேற்றிரவு எட்டு மணி நேரத்தில் 10 லிட்டர். அலமாரிப் பலகை ஊறத் தொடங்கிவிட்டது. படமும் வீடியோவும் இணைத்துள்ளேன். 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குள் பிளம்பரை அனுப்ப முடியுமா? சனி, ஞாயிறு முழுநாளும் வீட்டில் இருப்பேன். உங்களுக்குச் சிரமம் என்றால் நானே ஆள் பார்க்கிறேன்; விலையை முதலில் அனுப்பி, நீங்கள் சரி என்ற பிறகே வேலை தொடங்கும். நன்றி அங்கிள்."

அனுப்பிய நாள் 10, திங்கள். ஆறு நாள் அவகாசம் குறைவில்லை. கடைசி நாள் வார இறுதியில் விழுந்ததால், கிள்ளானிலிருந்து அவரே வர நினைத்தாலும் வரலாம்.

"வாடகையில் கழித்துக்கொள்வேன்" என்று எழுதத் துடித்தான். வேண்டாம் என்றேன். சம்மதமில்லாமல் கழித்தால் வாடகை பாக்கி என்று பேச்சு திரும்பிவிடும். ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். சிறு பழுதுகளை ஒரு குறிப்பிட்ட தொகை வரை வாடகைக்காரரே ஏற்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அவனுடையதில் இல்லை.

கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்திருந்தால் கதை வேறு. 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாக விதிகளின்படி, புகார் கிடைத்த ஏழு நாளுக்குள் கட்டட நிர்வாகம் வந்து சோதிக்க வேண்டும். அப்போது நிர்வாக அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்திருப்போம்.

அன்று மாலையே பதில் வந்தது: "சனிக்கிழமை பத்து மணிக்கு ஆள் வருவான் தம்பி." வந்தவர் ஹோஸை மாற்றினார், அரை மணி நேர வேலை. அன்றிரவும் வாளி வைக்கச் சொன்னேன். காலையில் காய்ந்து கிடந்தது. அந்தப் படத்தையும் வீட்டுக்காரருக்கு அனுப்பினான்.