ஆறு மாசக் கணக்கும் அறுந்த ஜவ்வும்

"ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சுல்ல, பையனை இறக்கி விடு." கபடி டீம்ல இப்படிச் சொல்ற ஆளுங்களைப் பாத்தாலே எனக்குக் கொலைவெறி வருது மக்கா.

ரெய்டர் திரும்புற நேரத்துல கார்னர்ல நிக்கிறவன் கணுக்காலைப் பிடிக்கிறான். பாதம் அவன் கையில, உடம்போ நடுக்கோட்டைப் பாத்துத் திரும்புது. இடையில மாட்டின முழங்கால் உள்பக்கமா மடங்கி முறுக்கும். 'டப்'புன்னு ஒரு சத்தம், முன் சிலுவை ஜவ்வு காலி. ஃபுட்பால்ல யாரும் தொடக்கூட வேணாம்; ஓடிவந்து காலை ஊன்றி சட்டுனு திசை மாத்துறப்பவே அறுந்துடும். சில மணி நேரத்துல மூட்டு வீங்கினா பெரும்பாலும் உள்ளே ரத்தம் கசிஞ்சிருக்கு. அதைச் சுளுக்குன்னு உருவி விடாதீங்க சாமி.

ஆபரேஷன்ல தொடையிலிருந்து தசைநாரை எடுத்து அந்த இடத்துல வைக்கிறாங்க. அது ஜவ்வா மாற ஒரு வருஷத்துக்கு மேலகூட ஆகும். முதல் சில மாசம், வெச்ச அன்னிக்கு இருந்ததைவிட பலம் குறையும். ஆனா வலி அதுக்கு முன்னாடியே போயிடும். ஏமாறுறது இங்கதான்.

நெதர்லாந்து கேப்டன் வான் டைக் 2020 அக்டோபர்ல அடிபட்டார். எட்டு மாசம் கழிச்சு வந்த யூரோ கோப்பையவே விட்டுட்டு, 2021 ஆகஸ்ட்லதான் லீக் ஆட்டத்துக்கு வந்தார். உங்க ஊர்த் திருவிழாக் கோப்பை அதைவிடப் பெருசா?

குறைஞ்சது 9 மாசம் போகட்டும். அப்புறம் ஒத்தைக்கால்ல தாவச் சொல்லி அளங்க, முன்தொடை பலத்தையும் பாருங்க. நல்ல காலோட ஒப்பிட்டா ரெண்டுலயும் 90 சதவீதமாவது வரணும். வரலையா? பத்து மாசமானாலும் வெளியவே உக்காரட்டும்.